"திருத்தித் தா" என்று கேட்காமல் "குறை சொல்" என்று கேட்போம்

கட்டுரை எழுதி முடிந்ததும் அதை சாட் ஜிபிடியில் போட்டு "நல்லா எழுதித் தா" என்று கேட்பது இப்ப நம்ம ஊர்ப் பக்கம் சாதாரணமாகிவிட்டது. பாடசாலை மலருக்காக மருதமுனைக் கைத்தறி பற்றி ஐந்து பந்தியில் எழுதிய கட்டுரையை நாம் இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்த்தோம்.

திருத்தி எழுதச் சொன்னபோது வசனங்கள் வழுவழுப்பாக வந்தன. ஆனால் "வாப்பா" தந்தையாகவும் "சாரன்" லுங்கியாகவும் மாறியிருந்தது. அதைவிடப் பெரிய நட்டம், எல்லா வசனமும் மாறியதால் நாம் எழுதியதில் எது பிழை என்று தெரியாமலே போனது.

அடுத்து, பந்திகளுக்கு 1 முதல் 5 வரை இலக்கமிட்டு, புதிய உரையாடலொன்றில் இப்படிக் கேட்டோம்:

"இதைத் திருத்தி எழுதாதே, மாற்று வசனமும் தராதே. ஒவ்வொரு பந்தியும் என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் சொல். ஒழுங்கு எங்கே உடைகிறது, எந்த இடம் விளங்கவில்லை என்று பந்தி இலக்கத்தோடும் என் சொற்களை அப்படியே எடுத்துக் காட்டியும் சொல்."

ஒரு வரிச் சுருக்கம்தான் கூடப் பயன் தந்தது. நாம் சொல்ல நினைத்ததும் அது விளங்கிக்கொண்டதும் வேறாக இருந்தால், பெரும்பாலும் அந்தப் பந்தியில்தான் கோளாறு.

கிடைத்த குறைகளைக் கொப்பியில் மூன்று நிரலாக எழுதினோம்: குறை, நாம் செய்தது, காரணம்.

முதலாவது, 2ஆம் பந்தியில் "பாவு" என்ற சொல் விளக்கமில்லாமல் வருகிறது என்பது. ஏற்றுக்கொண்டோம். தறியில் நீளவாக்கில் கட்டும் நூல் என்று ஒரு வசனம் சேர்த்தோம். மலரை வாசிக்கும் பிள்ளைகள் எல்லாரும் தறி பார்த்தவர்கள் இல்லை.

இரண்டாவது, 4ஆம் பந்தியில் வரும் 2004 டிசம்பர் 26 சுனாமி தலைப்புக்குப் புறம்பானது, நீக்கலாம் என்பது. நீக்கவில்லை. கடலோரத்துத் தறிகளும் அன்று அழிந்தன என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியவில்லை. ஆனாலும் அப்படி விளங்கியதற்குக் காரணம் இருந்தது: தறிக்கும் சுனாமிக்கும் உள்ள தொடர்பு பந்தியின் கடைசி வசனத்தில்தான் வந்தது. அந்த வசனத்தை முதலுக்குக் கொண்டுவந்தோம்.

மூன்றாவது, முடிவுரை நீளம் என்பது. முடிவுரை மூன்றே வசனம்தான். விட்டுவிட்டோம். குறை கேட்டால் அது எப்படியும் ஒரு குறையைத் தேடித் தரும். நம் கட்டுரையில் இல்லாத சொல்லை இருப்பதாக எடுத்துக் காட்டுவதும் உண்டு. அதனால் ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தகவல் சரியா என்பதற்கும் அதை நம்ப முடியாது. அதற்கு நெசவாளரிடம்தான் போக வேண்டும்.

இந்தக் கொப்பி மாணவருக்கும் உதவும். "இது நீயே எழுதினியா?" என்று கேட்பதை விட, "இந்தக் குறையை ஏன் ஏற்கவில்லை?" என்று கேட்டால், தானே எழுதிய பிள்ளை பதில் சொல்லும்.

கட்டுரையின் அடியில் நாம் இட்ட குறிப்பு இதுதான்: "கட்டமைப்பு, தெளிவு பற்றி சாட் ஜிபிடியிடம் கருத்துக் கேட்கப்பட்டது. 2ஆம், 4ஆம் பந்திகள் மாற்றப்பட்டன. வசனங்கள் எம்முடையவை."