பால்குட நோட்டீசும் ஜூலை 17-உம்



ஆடி மாதப் பால்குட நோட்டீசை நாங்கள் மறுபடியும் எழுதிப் போட்டதைப் பார்த்திருப்பீங்க. ஏன் மாத்தினோம்னு சிலர் கேட்டாங்க, சொல்லிடுறோம்.

முதல்ல போட்டதில் வரிக்கு வரி 🌺🔱🥛🙏. பார்க்க திருவிழா மாதிரி இருக்கட்டும்னுதான் போட்டோம். தேதி, ஆகஸ்ட் 2, எங்கேயோ நடுவில் மாட்டிக்கிச்சு. அதுக்குப் பக்கத்தில் 📅 வேற வச்சிருந்தோம். ஒரு அக்கா போன் பண்ணி, "தம்பி, பால்குடம் ஜூலை 17-ஆ?" என்று கேட்டாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியலை. பிறகுதான் பார்த்தோம், ஐபோனில் அந்த நாள்காட்டிப் படத்துக்குள்ளேயே ஜூலை 17 என்று இருக்கு! ஆடி பிறக்கிற சமயம் வேற, அக்கா நம்பிட்டாங்க. தப்பு எங்களோடது.

இன்னொரு பெரியவருக்குக் கண் பார்வை குறைவு. போன்தான் அவருக்கு வாசிச்சுக் காட்டும். அது எழுத்தை மட்டும் வாசிக்காது, ஒவ்வொரு படத்தின் பெயரையும் சொல்லும். நாலு 🙏 போட்டால் நாலு தடவை. நேரம் வர்றதுக்குள்ள அவர் அணைச்சிட்டாராம்.

அதனால் இப்படி மாத்தினோம்:

பால்குட ஊர்வலம்
நாள்: ஆகஸ்ட் 2, ஞாயிறு
⏰ காலை 7.00
📍 பிள்ளையார் சந்நிதி முன்பு
🥛 குடம் ஒன்றுக்கு 30 ரிங்கிட்

வரிக்கு ஒரு படம், வரியின் முதலில் மட்டும். நேரமா, இடமா, காசா என்று கண் தேடும்போது வழி காட்டினால் போதும். நாளுக்குப் படமே வேண்டாம், எழுத்தே போதும். படத்தை எல்லாம் எடுத்துட்டுப் படிச்சாலும் விஷயம் முழுசாப் புரியணும். நாங்க போடுறதுக்கு முன்னாடி அப்படித்தான் சோதிச்சுப் பார்க்கிறோம்.

படமே வேண்டாத இடமும் உண்டு. போன வருஷம் நம்ம சமையல் கூடத்தில் பல வருஷம் தொண்டு செய்த ஓர் அம்மா தவறிட்டாங்க. இரங்கல் செய்தியின் கடைசியில், கண்ணீர் வடியுதேன்னு 😂 போட்டுட்டோம். அது சிரிச்சுச் சிரிச்சு வர்ற கண்ணீராம். அவங்க மகன் புலனத்தில் ஒரே வரிதான் அனுப்பினார்: "அம்மா செத்தது உங்களுக்குச் சிரிப்பா இருக்கா அண்ணே?"

உடனே எடுத்தோம். வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டோம். அவர் பெருந்தன்மையாத்தான் பேசினார். ஆனா அந்த வரி இன்னும் மனசை விட்டுப் போகலை.

அன்றிலிருந்து இரங்கல், நன்கொடைக் கணக்கு, நிர்வாகக் கூட்ட அறிவிப்பு, இந்த மூணிலும் ஒரு படமும் கிடையாது. துக்கத்துக்கும் கணக்குக்கும் எழுத்துதான் மரியாதை.

எங்கள் பதிவில் இனியும் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால், தயங்காமல் சொல்லுங்க. திருத்திக்கிறோம்.

ஆகஸ்ட் 2, காலை 7 மணி. ஜூலை 17 இல்லை!

ஓம் சக்தி 🙏