எங்க ஆஸ்பத்திரியின் ரெண்டு பக்க எழுத்து விதிகள்

1/ ராத்திரி பத்து மணிக்கு டியூட்டி சிஸ்டர் போன். "சார், இன்சுலின் 60 போடச் சொல்லியிருக்கீங்க. நம்ம சிரிஞ்சுல 40 தானே பிடிக்கும், ரெண்டு தடவை போடணுமா?"

2/ நான் எழுதினது 6U. அவசரத்துல போட்ட U, மேல மூடி பூஜ்யம் மாதிரி இருந்திருக்கு. சிரிஞ்சு சின்னதா இருந்ததால தப்பிச்சோம். அதுவே 4U-வா இருந்தா 40. ஒரே சிரிஞ்சுல சரியா அடங்கியிருக்கும், யாரும் போன் பண்ணியிருக்க மாட்டாங்க.

3/ எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. ரெண்டு டாக்டர், நாலு சிஸ்டர், ஒரு ஃபார்மசிஸ்ட். கேஸ் ஷீட் எப்படி எழுதணும்னு விதிகள் எழுத உட்கார்ந்தேன். ஒன்பது பக்கம் வந்துச்சு. ஒருத்தரும் படிக்கல.

4/ அப்புறம் ஒவ்வொரு விதிக்கும் ஒரே கேள்வி: இதை மீறினா என்ன ஆகும்? நோயாளிக்கு ஆபத்துன்னா முதல் பக்கம். நமக்கு வேலை இழுத்தடிக்கும்னா ரெண்டாம் பக்கம். எனக்கு எரிச்சல் மட்டும்தான்னா நீக்கம்.

5/ முதல் பக்கத்துல நின்னவை:
– 'யூனிட்'னு முழுசா எழுதணும்.
– 5 மி.கி.யை 5.0னு எழுதக் கூடாது. புள்ளி மங்கினா 50.
– .5 கூடாது, 0.5 எழுதணும்.
– வாரம் ஒருமுறை மாத்திரைன்னா கிழமையை எழுதணும். மெத்தோட்ரெக்சேட்டை தினமும் போட்டா எலும்பு மஜ்ஜையே செயலிழக்கும்.

6/ இதுல முதல் மூணும் என் கண்டுபிடிப்பு இல்ல. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-லேயே தடை போட்டது. லேப் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 4.0னு வந்தா பரவாயில்ல, அங்கே அந்தப் பூஜ்யம் அளவின் துல்லியத்தைச் சொல்லுது. மருந்து டோஸில்தான் கூடாது.

7/ ரெண்டாம் பக்கம்: வயசு, போன் நம்பர் எந்த மூலையில், தேதி எப்படி, இந்த மாதிரி. நீக்கினதுல எனக்குப் பிடிச்சதும் உண்டு: 'சுகர்' வேண்டாம், 'நீரிழிவு'ன்னு எழுதணும். யாருக்கும் ஆபத்தில்ல. போகட்டும்.

8/ மருந்துப் பெயரை முழுசா, கேப்பிடல் எழுத்தில் எழுதணும்ங்கிறதையும் அழகுக்குன்னு நினைச்சு நீக்கிட்டேன். ஃபார்மசிஸ்ட் அண்ணன் விடல. "சார், நீங்க 'மெட்'னு எழுதி கோடு இழுத்துடறீங்க. சுகருக்கு மெட்ஃபார்மினா, வயித்துப்போக்குக்கு மெட்ரோனிடசோலா? ரெண்டும் என்கிட்ட இருக்கு." அது முதல் பக்கத்துக்குத் திரும்பிடுச்சு. எது ஆபத்துன்னு எழுதுறவனுக்குத் தெரியாது, படிச்சு மருந்து எடுத்துக் கொடுக்கிறவருக்குத்தான் தெரியும்.

9/ ஒரே தாள், முன்னும் பின்னும். நர்சிங் ஸ்டேஷன்ல தொங்குது. சனிக்கிழமை பத்து கேஸ் ஷீட் எடுத்து, முதல் பக்க விதிகளை மட்டும் பார்க்கிறோம். போன வாரம் ரெண்டு தப்பு. ரெண்டும் என் கையெழுத்து.