காலண்டரில் இல்லாத நாள்

என் கணவருக்கு என் பிறந்த நாள் ஞாபகம் இருப்பதில்லை. கல்யாண நாளும் அப்படித்தான். என் நாவல்களைப் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். என் கதைகளில் வருகிற கணவன்மார்கள் ஒருவர்கூட அந்த நாளில் மல்லிகைப்பூப் பொட்டலம் இல்லாமல் வீட்டுப் படியேறியதில்லை. ஊரில் உள்ள கணவன்மார்களுக்கெல்லாம் ஞாபக சக்தியை வாரி வழங்கிய என்னால், சொந்த வீட்டில் ஒருவருக்குக் கொடுக்க முடியவில்லை.

எங்களுக்குக் கல்யாணம் நடந்தது 1981 ஆனியில். அந்த வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு நாள், என் மாமியார் விடியற்காலையிலேயே என்னை உட்கார்த்தி வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டார். பாயசம் வைத்தார். கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை ஆயிற்று. "இன்னிக்கு உனக்கு ஆவணிப் பூசம்" என்றார். எனக்கு அது பிறந்த நாளாகவே தோன்றவில்லை. என் தகப்பனார் இங்கிலீஷ் தேதியை அனுசரிக்கிறவர். நான் 1958 செப்டம்பர் 10-ஆம் தேதி பிறந்தவள். அந்தத் தேதிக்காகக் காத்திருந்தேன். அன்று இவர் வழக்கம்போல் காபி குடித்தார், பத்திரிகை படித்தார், ஆபீசுக்குப் போனார். ராத்திரி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்ததற்குக் காரணம் அவருக்குத் தெரியவே இல்லை. அவரைப் பொறுத்தவரை என் பிறந்த நாள் பாயசத்தோடு பதினைந்து நாளைக்கு முன்பே முடிந்துபோன சமாசாரம்.

முதல் வருஷத்துச் சண்டை இப்படி இரண்டு பஞ்சாங்கங்களுக்கு இடையில் நடந்த சண்டைதான். ஆனால் அதை அப்போது யார் யோசித்தார்கள்? 'மறந்துவிட்டார்' என்று மனசில் ஒரு கோடு கிழித்துக்கொண்டேன். 1994-இல் மாமியார் காலமான பிறகு, பூசத்துப் பாயசமும் நின்றுபோயிற்று. அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு கோடுகள் வீதம் சேர்ந்துகொண்டே வந்தன.

2006-ஆம் வருஷம் எங்கள் கல்யாணத்துக்கு 25 வருஷம் நிறைந்தது. இந்தத் தடவை ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஃபோன் செய்து, "அப்பாவிடம் நீங்கள் மூச்சு விடக் கூடாது" என்று கட்டளையிட்டேன். வழக்கமாக உடுத்துகிற சாதாரணப் புடவையையே உடுத்திக்கொண்டேன். சாப்பாட்டில் மட்டும் என் கை என்னை மீறிக் கொஞ்சம் சேமியாப் பாயசம் வைத்துவிட்டது.

அவர் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். "பேஷா இருக்கு. யாராவது வராளா?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் வரலை."

"பின்னே பால் மிஞ்சிப் போச்சா?"

நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். சாயங்காலம் அவர் வெளியே போய்த் திரும்பினபோது கையில் ஒரு பை இருந்தது. ஒரு க்ஷணம் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளே என் முழங்கால் வலிக்கான தைலம். "பாட்டில் தீர்ந்துபோய் மூணு நாளாச்சே, நீ வாங்கச் சொல்லவே இல்லையே" என்றார். அந்தத் தைலத்தைப் பார்த்து நெகிழ வேண்டும் என்று இன்று தோன்றுகிறது. அன்று அதைச் சுவரில் வீசியடிக்கலாம் போல் இருந்தது.

மூன்று நாள் நான் பேசவில்லை. நான்காம் நாள் பேசினபோது, 25 வருஷமாகக் கூர்தீட்டி வைத்திருந்த கேள்வியைப் போட்டேன்.

"ஏன்னா, உங்கப்பாவோட திதியை ஒரு வருஷமாவது மறந்திருக்கேளா? என் சமாசாரம்னா மட்டும் ஏன் மறந்து போறது?"

இதற்குப் பதில் இருக்க முடியாது என்பது என் எண்ணம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எனக்கு எங்கே ஞாபகம் இருந்தது? சாஸ்திரிகள்தான் பத்து நாள் முன்னாடி சொல்லிடுவாரே" என்றார்.

"என்ன திதி, சொல்லுங்கோ பார்ப்போம்."

"தை மாசம். தேய்பிறை..." என்று இழுத்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார். "துவாதசியோ?"

"திரயோதசி" என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தகப்பனாரின் சிராத்தத்தை ஒரு தடவைகூடத் தவறவிடாத புத்திரர் இவர். திதியின் பெயர் இவருக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் மாமியார் சொல்வார். அவர் போன பிறகு சாஸ்திரிகள் சொல்கிறார். சாஸ்திரிகளிடம் வருஷப் பிறப்புக்கு வருஷப் பிறப்பு, "மாமாவோட அப்பா சிராத்தம் எப்போ வரது, பார்த்துச் சொல்லிடுங்கோ" என்று ஃபோனில் சொல்லி வைக்கிறவள் யார்? நான்தான்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாசக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் கணக்கு எழுதுவது அதில்தான். ஜனவரியில் புதுக் காலண்டர் வந்ததும், பழையதைப் பார்த்தும் பஞ்சாங்கத்தைப் பார்த்தும் பென்சிலால் குறித்து வைப்பேன்: இவருடைய சித்திரைச் சுவாதி, குழந்தைகளின் நட்சத்திரம், மாமனார் திதி, மாமியார் திதி, நாத்தனார் பேரனின் ஆண்டு நிறைவு, இன்ஷ்யூரன்ஸ் கட்டவேண்டிய தேதி. அன்று போய் அந்தக் காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். ஜூன் மாதத்தில் எங்கள் கல்யாண நாள் இல்லை. செப்டம்பரில் பத்தாம் தேதிக் கட்டம் வெறுமையாக இருந்தது. ஒன்றரை லிட்டர் பால் என்பதைத் தவிர.

என் நாளை நானே எழுதி வைத்துக்கொள்வதா என்ற ரோஷம். அதனால் 12 வருஷமாக எழுதவில்லை. எங்கள் வீட்டின் ஞாபகம் முழுவதும் அந்த ஒரு தாளில் இருந்தது. அந்தத் தாளில் நான் இல்லை.

அன்று முதல் எனக்கு ஓர் அபிப்பிராயம். தேதிகளை நினைவில் வைப்பது அன்பின் லட்சணம் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது வீட்டு வேலைகளில் ஒன்று. பாத்திரம் தேய்ப்பது போல, யாரோ ஒருவர் தலையில் விழுந்துவிடுகிற வேலை. செய்கிறவள் எல்லோருக்காகவும் செய்கிறாள். அவளுடைய முறை வரும்போது வேலைக்காரி லீவு.

இதனால் இவர்மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 25 வருஷம் இந்த வேலை நடப்பதைக்கூட அறியாமல் அதன் பலனை அனுபவித்தவர் இவர். அந்தக் கோபம் எனக்கு இன்றும் கொஞ்சம் உண்டு. ஆனால் 'அக்கறை இல்லாதவர்' என்ற பட்டத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 1983-இல் சல்பா மருந்து ஒன்று எனக்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போய்விட்டது. அதிலிருந்து இன்றுவரை எந்த டாக்டரிடம் போனாலும், நான் வாயைத் திறக்குமுன், "இவளுக்குச் சல்பா ஆகாது" என்று இவர்தான் சொல்வார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

இது மறக்காமல், அது மட்டும் மறப்பானேன்? ஞாபகத்தைப் பற்றி ஆராய்கிற மனோதத்துவக்காரர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஒன்றைக் கண்டதும் செய்யவேண்டிய காரியம் ஒரு ஜாதி. எதையும் காணாமல், இன்ன நேரம் வந்தது என்று தானாகவே உணர்ந்து செய்யவேண்டிய காரியம் வேறு ஜாதி. பின்னது பொதுவாகக் கஷ்டமானது. டாக்டரைக் கண்டால் சல்பா நினைவுக்கு வருகிறது. காலியான பாட்டிலைக் கண்டால் தைலம் நினைவுக்கு வருகிறது. செப்டம்பர் பத்தாம் தேதி விடிகிறபோது அதன் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஒன்பதாம் தேதியைப் போலத்தான் அதுவும் விடிகிறது. நான் பேசாமல் இருந்து பார்த்தேனே, அன்று இருந்த அடையாளங்களையெல்லாம் நானே துடைத்துவிட்டு, வழி தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறேன். பாயசம் ஒன்றுதான் மிச்சம். அதை அவர் பால் கணக்கில் சேர்த்துவிட்டார்.

எல்லா மறதியும் இந்த ரகம்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலதிகாரி வீட்டுக் கல்யாண நாளை யாரும் சொல்லாமலே நினைவு வைத்திருந்து, மனைவியுடையதை மறக்கிறவர் இருக்கிறார். சொன்ன பிறகும், "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்கிறவர் இருக்கிறார். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. வெகுகாலம் எல்லாவற்றையும் நினைவாக வைத்திருந்த மனிதர் திடீரென்று மறக்க ஆரம்பித்து, சொன்னதையே சொல்லி, பழகின தெருவில் வழி தெரியாமல் நின்றால், அப்போது செய்யவேண்டியது கோபித்துக்கொள்வது அல்ல. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இவர் விஷயத்தில் நான் செய்தது ஒன்றே ஒன்று. 2007 ஜனவரியில் புதுக் காலண்டர், பஞ்சாங்கம், பென்சில் மூன்றையும் அவர் மடியில் வைத்துவிட்டேன். "இனிமேல் இது உங்க வேலை."

கணக்கு இலாகாவில் காலம் தள்ளினவர். இரண்டு சாயங்காலம் பிடித்தது. "இதுக்கு இவ்வளவு பாடு உண்டா!" என்று நடுவில் ஒரு தடவை சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் 25 வருஷம் காத்திருந்தேனோ என்னவோ. பிறகு கணக்கில் இறங்கிவிட்டார். சந்திரன் ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு அதே நட்சத்திரத்துக்கு வர 27 நாளும் சுமார் 8 மணியும் ஆகிறது. பதின்மூன்று சுற்றுக்கு 355 நாள். ஆகவே நட்சத்திரப் பிறந்த நாள் அடுத்த வருஷம் பத்து நாள் முன்னால் வந்துவிடும். அப்படி வந்து மாதத்தைத் தாண்டிப் போய்விட்டால், இன்னொரு சுற்றுக் காத்திருந்து பதினேழு நாள் பின்னால் வரும். ஒரே மாதத்தில் இரண்டு தடவை வந்தால் எங்கள் வீட்டில் பிந்தினதுதான் கணக்கு. தேதியும் நட்சத்திரமும் மறுபடி ஒன்றாகவோ, ஒரு நாள் முன்பின்னாகவோ கூடுவதற்கு 19 வருஷம் ஆகும். "உனக்கு 19, 38, 57 வயசிலேதான் சண்டையில்லாத பிறந்த நாள்" என்றார். ஆள் சிறுபிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தார்.

அந்த வருஷம் ஆவணிப் பூசம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. அன்று மல்லிகைப்பூ வந்தது. பத்தாம் தேதியும் வந்தது. இரண்டாவது நாள் பூ கொஞ்சம் வாடல்தான். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். ஜூன் மாதக் கட்டத்தில், கல்யாண நாளுக்கு எதிரே, 'பாயசம் - காரணம் உண்டு' என்று எழுதியிருந்தார்.

அன்று ஆரம்பித்த வழக்கம் இன்னும் நிற்கவில்லை. இந்த வருஷத்துக் காலண்டரையும் அவர்தான் குறித்தார். எழுத்து முன்போல் இல்லை, கொஞ்சம் நடுங்குகிறது. ஆனால் இரண்டு திதிகளும் இருக்கின்றன, என் பூசம் இருக்கிறது, பத்தாம் தேதி இருக்கிறது, பேத்தியின் பள்ளிக்கூட ஆண்டு விழாகூட இருக்கிறது. நேற்றுப் பால் கணக்கு எழுதப்போனபோது சித்திரை மாதத்தைப் புரட்டிப் பார்த்தேன். சுவாதிக்கு நேரே ஒன்றும் இல்லை. தம்முடைய நாளைக் குறிக்காமல் விட்டிருக்கிறார்.

மறந்தாரா, ரோஷமா என்று கேட்கவில்லை. பென்சில் என் கையில்தான் இருந்தது. குறித்துவிட்டு வந்தேன்.