பிறந்த இரண்டாம் நாளின் சிவப்புத் திட்டுகள்

கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில், வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமூக நலப் பிரிவான 'சாட்' பல பத்தாண்டுகளாகப் பிறப்புகளையும் இறப்புகளையும் பதிவு செய்து வருகிறது. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் போகும்போது, பாட்டிமார் குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டுவது சகஜம். "நேத்து முதுகுல இருந்துச்சு, இன்னிக்கு வயித்துல வந்திருக்கு. நடுவுல சீழ் வச்ச மாதிரி இருக்கு பாரும்மா."

முதுகில் இருந்தது வயிற்றுக்கு வந்தது என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே நோயறிதலில் பாதி முடிந்துவிடுகிறது.

மருத்துவர்கள் இதை எரித்தீமா டாக்சிகம் என்கிறார்கள். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வரும் என்பது பல நாட்டுப் பாடநூல்களில் உள்ள கணக்கு. குறைமாதக் குழந்தைகளுக்கு அரிது. பெரும்பாலும் பிறந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கும். ஒழுங்கற்ற சிவப்புத் திட்டு ஒன்று தோன்றும். அதன் நடுவில் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவில் மஞ்சளும் வெள்ளையும் கலந்த புள்ளி இருக்கும். ஒரு திட்டு சில மணி நேரத்தில் மறையும், வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று எழும். இரண்டு வாரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு திட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்து, மறுநாள் அதே இடத்தைப் பார்த்தால் போதும்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இது வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே மயிர்க்கால்கள் இல்லை. கருப்பையை விட்டு வெளியே வந்ததும் சாதாரணக் கிருமிகள் குழந்தையின் தோலில் குடியேறி, மயிர்க்கால் வழியே உள்ளே நுழைய, உடலின் எதிர்ப்பாற்றல் முதன்முறையாக அவற்றுக்குப் பதில் சொல்கிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். புள்ளியிலிருந்து துளி எடுத்துச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வாமையில் கூடும் ஈசினோஃபில் அணுக்கள்தான் நிறையத் தெரியும். சீழ்க் கிருமிகள் தெரியாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பாடநூல் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல் குழந்தைகளே இருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் மாநிறத்தில் சிவப்பு மங்கிப்போய், நடுப்புள்ளி மட்டும் எடுப்பாகத் தெரியும். பார்ப்பவர் சீழ்க்கொப்புளம் என்றே நினைப்பார். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நீரோடு வாழ்ந்த ஊர்க்காரர்கள், கிணற்றுத் தண்ணீர்தான் காரணமோ என்று பதறுவதும் புரிந்துகொள்ளக்கூடியதே. குரோமியத்தால் தொழிலாளர் கைகளில் வரும் தோல் அழற்சி உண்மையானது. ஆனால் இந்தத் திட்டு நல்ல தண்ணீர் உள்ள ஊர்களிலும் இதே போல வருகிறது.

சுகாதாரப் பணியாளர்களுக்கான ஐ.எம்.என்.சி.ஐ. கையேட்டில், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட சீழ்க்கொப்புளங்கள் இருந்தால் கடும் தொற்றாக இருக்கலாம் என்று கருதி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லும் விதி உண்டு. இந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், திட்டு நிறைந்த ஆரோக்கியமான குழந்தையும் அனுப்பப்படலாம். அனுப்பியது தவறல்ல. மருத்துவர் பார்த்துத் திருப்பி அனுப்புவார். உண்மையான பாக்டீரியா தொற்று பெரும்பாலும் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் அரையிலும் தொளதொளவென்ற கொப்புளமாக வந்து, உடைந்து பொருக்குத் தட்டும். இடம் மாறி மறையாது. கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, உடல் சில்லிட்டாலோ காத்திருக்கக் கூடாது.

இரண்டு மூன்று வாரத்தில் கன்னம், நெற்றி, முகவாயில் சின்னச் சின்னப் பருக்கள் வந்தால் கதை வேறு. இது பச்சிளம் பருவத்துப் பரு. ஐந்தில் ஒரு குழந்தைக்கு வரும் என்பார்கள். தோலில் இயல்பாக வாழும் மலாசீசியா என்ற ஈஸ்ட்டுக்கு இதில் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. அந்த ஈஸ்ட் கொழுப்பை உண்டு வளர்வது. அதனால் உடம்புக்கு எண்ணெய் தேய்த்தாலும் முகத்தை விட்டுவிடுவது நல்லது. பவுடரும் நலங்கு மாவும்கூட முகத்துக்கு வேண்டாம். நாளுக்கு ஒருமுறை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரால் துடைத்து, மென்துணியால் ஒற்றினால் போதும். கிள்ளவோ பிதுக்கவோ கூடாது. பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்துக்குள் வடு இல்லாமல் போய்விடும்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு புதிதாகப் பரு தொடங்கி, நடுவில் கரும்புள்ளிகளும் இருந்தால் அது வேறு வகை. தழும்பு விடக்கூடியது என்பதால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.