கிளைகள் சொல்லும் கணக்கு

பை ஒன்றில் எட்டுக் கோலிகள் உள்ளன. அவற்றுள் ஐந்து சிவப்பு, மூன்று நீலம். ஒருவர் பைக்குள் பார்க்காமல் ஒரு கோலியை எடுக்கிறார். அதைத் திரும்பப் போடாமல் இரண்டாவது கோலியையும் எடுக்கிறார். இரண்டும் வெவ்வேறு நிறத்தில் அமைவதற்கான நிகழ்தகவு என்ன?

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இத்தகைய கேள்விக்கு மர வரைபடம் வரைந்து விடை காண்பார்கள். இடப்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து இரண்டு கிளைகள் வரைய வேண்டும். ஒன்று சிவப்புக்கு, மற்றொன்று நீலத்திற்கு. அந்த இரண்டு கிளைகளின் நுனியிலிருந்தும் மேலும் இரண்டிரண்டு கிளைகள் பிரியும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் நிறத்தின் பெயரையும், கிளையின் மேல் அதற்குரிய நிகழ்தகவையும் எழுத வேண்டும்.

வகுப்புத் தேர்வு ஒன்றில் இக்கேள்விக்கு ஐந்து மதிப்பெண்கள். வரைபடத்தில் உள்ள மூன்று சோடிக் கிளைகளுக்கு மூன்று மதிப்பெண்கள்; இறுதி விடைக்கான வழிமுறைக்கு ஒன்று; சரியான விடைக்கு ஒன்று. நாற்பது தாள்களைத் திருத்த அமர்ந்த கணித ஆசிரியர், விடையை முதலில் பார்க்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் கிளைகள் பிரியும் புள்ளிகளைத்தான் முதலில் தேடினார்.

ஒரே புள்ளியிலிருந்து பிரியும் கிளைகளே ஒரு சோடி. முதல் கோலி சிவப்பாக இருக்க வேண்டும். அல்லது நீலமாக இருக்க வேண்டும். வேறு வழியில்லை. ஆகவே, 5/8, 3/8 ஆகிய இரண்டும் சேர்ந்து 1 ஆகின்றன. முதலில் சிவப்பு வந்துவிட்டால் பையில் நான்கு சிவப்பும் மூன்று நீலமும் எஞ்சும். எனவே, அங்கிருந்து பிரியும் கிளைகள் 4/7, 3/7. முதலில் நீலம் வந்திருந்தால் ஐந்து சிவப்பும் இரண்டு நீலமும் எஞ்சும். அங்கே 5/7, 2/7. மூன்று சோடிகளும் தனித்தனியே 1 ஆகின்றன.

சில மாணவர்கள் இரண்டாம் வரிசையில் உள்ள நான்கு கிளைகளையும் மேலிருந்து கீழாகக் கூட்டிப் பார்த்து, 2 வருகிறதே என்று குழம்பியிருந்தார்கள். அவர்களின் எண்களில் பிழையில்லை. கூட்டிய இடம்தான் பிழை. அந்த நான்கு கிளைகளும் இரண்டு வெவ்வேறு புள்ளிகளிலிருந்து பிரிந்தவை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிச் சூழ்நிலை. இரண்டு சூழ்நிலைகளுக்கும் தனித்தனியே ஒன்று வீதம் வருவதால்தான் மொத்தம் இரண்டாகிறது.

ஒரு தாளில் முதல் சோடி சரியாக இருந்தது. இரண்டாம் வரிசையிலோ 4/8, 3/8 என்றும் 5/8, 2/8 என்றும் எழுதப்பட்டிருந்தது. ஆசிரியர் கூட்டிப் பார்த்தார். மேல் சோடி 7/8. கீழ்ச் சோடியும் 7/8. இங்கே 1/8 குறைகிறது. அந்த எட்டில் ஒன்று எங்கே போயிற்று? முதலில் எடுத்த கோலி பைக்கு வெளியே கையில் இருக்கிறது. மாணவர் அதன் நிறத்தைக் கழித்துவிட்டார். ஆனால், மொத்த எண்ணிக்கையிலிருந்து அதைக் கழிக்க மறந்துவிட்டார். பையில் ஏழு கோலிகள்தாம் இருக்கின்றன என்பதை மறந்ததால், கையில் உள்ள கோலிக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. கூட்டல் சோதனை இத்தகைய பிழையை உடனே காட்டிவிடும். அந்த மாணவர் தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரு முறை கூட்டிப் பார்த்திருந்தால் தாமே கண்டுபிடித்திருப்பார்.

அடுத்த தாளில் கூட்டல் சோதனை எதையும் காட்டவில்லை. மாணவி ஒருத்தி மூன்று சோடிகளிலும் 5/8, 3/8 என்றே எழுதியிருந்தாள். எங்குக் கூட்டினாலும் 1 வந்தது. ஆயினும், ஆசிரியர் முதல் சோடிக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்து, மற்ற இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டார். தாள் கைக்கு வந்ததும் அவள் ஆசிரியரிடம் சென்றாள்.

"டீச்சர், எல்லாச் சோடியும் ஒன்றுதானே வருகிறது? பிறகு ஏன் தவறு?"

"இரண்டாவது கோலியை எடுக்கும்போது உன் பையில் எத்தனை கோலிகள் இருந்தன?" என்று ஆசிரியர் கேட்டார்.

"எட்டு..." என்று தொடங்கியவள், கேள்வியை மீண்டும் படித்தாள். "திரும்பப் போடாமல்" என்ற சொற்களின் மீது அவள் விரல் நின்றது.

"நீ வரைந்த மரத்தில் தவறு இல்லை. ஆனால், அது வேறொரு கேள்விக்கு உரிய மரம். முதல் கோலியைத் திரும்பப் போட்டிருந்தால் இதுதான் சரியான படம்," என்றார் ஆசிரியர்.

சோடியின் கூட்டுத்தொகை 1 ஆகவில்லை என்றால் பிழை இருப்பது உறுதி. ஆனால், கூட்டுத்தொகை 1 ஆகிவிட்டதால் மட்டும் கிளைகள் சரி என்று சொல்லிவிட முடியாது. கேள்வி கூறும் சூழலோடு ஒவ்வோர் எண்ணும் பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு தாள்களிலும் இன்னொரு வியப்பு இருந்தது. முதல் மாணவரின் எண்களைக் கொண்டு, வெவ்வேறு நிறம் வருவதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டால் 5/8 × 3/8 + 3/8 × 5/8 = 30/64. மாணவியின் எண்களைக் கொண்டு கணக்கிட்டாலும் அதே 30/64. இருவரின் தவறான விடையும் ஒன்று. தவறோ வேறு வேறு. ஒருவர் மொத்தத்தைக் குறைக்க மறந்தார். மற்றவர் கோலி மீண்டும் பைக்குள் சென்றதாக எண்ணிக்கொண்டார். விடையை மட்டும் பார்த்துத் திருத்தியிருந்தால், இருவருக்கும் ஒரே திருத்தத்தைத்தான் எழுதியிருக்க முடியும். கிளைகளைப் பார்த்ததால் ஆளுக்கு ஏற்ற குறிப்பை எழுத முடிந்தது. இருவரும் சரியான பாதைகள் இரண்டைத் தேர்ந்தெடுத்து, பாதை வழியே பெருக்கி, பின்பு கூட்டியிருந்ததால், வழிமுறைக்கான ஒரு மதிப்பெண் இருவருக்கும் கிடைத்தது.

கையால் வரைந்த படங்களில் எல்லாரும் கிளைகளை ஒரே வரிசையில் வரைவதில்லை. இது மேலும் இரண்டு தாள்களில் தெரிந்தது. இரண்டிலும் கீழ்ச் சோடியின் மேல் கிளையில் 2/7, கீழ்க் கிளையில் 5/7 என்று எழுதப்பட்டிருந்தது. ஆசிரியரிடம் இருந்த மாதிரி விடையில் மேல் கிளைக்கு 5/7, கீழ்க் கிளைக்கு 2/7. இடத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டு தாள்களுக்கும் தவறு போட்டுவிடுவார். ஆசிரியர் கிளை நுனிகளில் இருந்த பெயர்களைப் படித்தார்.

ஒரு தாளில் மேல் கிளைக்கு நீலம் என்றும் கீழ்க் கிளைக்குச் சிவப்பு என்றும் பெயரிடப்பட்டிருந்தது. நீலம் எடுத்தபின் மீண்டும் நீலம் வருவதற்கு 2/7. சிவப்பு வருவதற்கு 5/7. இது முற்றிலும் சரி. அந்த மாணவர் கிளைகளை வேறு வரிசையில் வரைந்திருந்தார், அவ்வளவுதான். அவருக்கு முழு மதிப்பெண்.

மற்றொரு தாளில் மேல் கிளை சிவப்பு. கீழ்க் கிளை நீலம். அப்படியானால், நீலம் எடுத்தபின் சிவப்பு வருவதற்கு 2/7 என்றாகிறது. பையிலோ இன்னும் ஐந்து சிவப்புக் கோலிகள் இருக்கின்றன! இது தவறு. மேல் சோடியின் மேல் கிளையில், முன்பு எடுத்த நிறமே மீண்டும் வருவதற்கான எண் இருந்தது. அதே அமைப்பைக் கீழ்ச் சோடியிலும் பின்பற்றியவர், கிளையின் பெயர் மாறியிருப்பதைக் கவனிக்கவில்லை. ஆக, இரண்டு தாள்களிலும் அதே இடத்தில் அதே எண்கள். ஒன்று சரி, ஒன்று தவறு. வேறுபாடு பெயர்களில் மட்டுமே இருந்தது. நிறப் பெயர்களை எழுதாமல் விட்ட மூன்றாவது தாள் ஒன்றில், எண்களை எந்த நிறத்திற்கு உரியவை என்று கொள்வது என்றே தெரியவில்லை. அதனால் அந்தச் சோடிக்கு மதிப்பெண் கொடுக்க வழியில்லாமல் போயிற்று.

பெயர் மாறிய தாளில் எந்தக் கூட்டல் சோதனையும் பயன்படாது. சோடிகள் எல்லாம் 1 ஆகின்றன. நான்கு பாதைகளையும் பெருக்கினால் 20/56, 15/56, 6/56, 15/56. இவற்றின் கூட்டுத்தொகையும் 56/56, அதாவது 1. ஆயினும், வேறொரு சோதனை உண்டு. முதலில் சிவப்பும் அடுத்து நீலமும் வருவதற்கான நிகழ்தகவும், முதலில் நீலமும் அடுத்து சிவப்பும் வருவதற்கான நிகழ்தகவும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு பாதைகளிலும் கீழே உள்ள எண்கள் எட்டும் ஏழும். மேலே உள்ள எண்கள் ஐந்தும் மூன்றும். வரிசைதான் மாறுகிறது. ஆகவே, இரண்டும் 15/56 ஆக வேண்டும். இந்தத் தாளில் ஒன்று 15/56, மற்றொன்று 6/56. சமமில்லாத இந்த இரண்டு எண்களே பிழை இருப்பதைக் காட்டிக்கொடுத்தன.

சரியான விடை 15/56 + 15/56 = 30/56; சுருக்கினால் 15/28. பெயர் மாற்றி எழுதியவருக்குக் கிடைத்ததோ 21/56. அவருக்கு முதல் இரண்டு சோடிகளுக்கும் வழிமுறைக்கும் சேர்த்து மூன்று மதிப்பெண்கள் கிடைத்தன. அவருடைய தாளின் ஓரத்தில் ஆசிரியர் நீண்ட விளக்கம் எதையும் எழுதவில்லை. தவறான கிளையின் அருகே ஒரு சிறிய பையை வரைந்து, அதற்குள் ஐந்து சிவப்புப் புள்ளிகளும் இரண்டு நீலப் புள்ளிகளும் வைத்தார். அதன் கீழே, "கிளையின் பெயரைப் படி, பிறகு பையை எண்ணு," என்று மட்டும் எழுதினார்.