மெலிந்த உடலும் மிகையுணவும்

மெலிந்த பிள்ளையைக் கண்டால் அதன் முன் சோற்றைக் குவிப்பது எம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். பொத்துவிலில் பாரம் தூக்கப் பழகத் தொடங்கும் பதினேழு வயது மாணவன் ஒருவனுக்கு, உம்மா பரிந்து வைக்கும் சோற்றோடு, நிறையைக் கூட்டும் என விற்கப்படும் மாவும் சேர்ந்துகொள்கிறது. உணவு எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவு தசை வளரும் என்பதே இருவரது எண்ணமும்.

உண்மை அவ்வாறன்று. தசையை வளரத் தூண்டுவது பயிற்சி. அதற்கு வேண்டிய பொருளைத் தருவது உணவு. ஒரு நாளில் உடல் கட்டக்கூடிய தசைக்கு எல்லையுண்டு. அதனைத் தாண்டும் உணவில் பெரும்பகுதி கொழுப்பாகவே தங்கும். 2013இல் நோர்வே ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று இதனைக் காட்டிற்று. தேர்ந்த விளையாட்டு வீரருள் ஒரு பிரிவினர் ஆலோசனையின்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,600 கலோரியும், மறுபிரிவினர் தம் விருப்பப்படி ஏறத்தாழ 3,000 கலோரியும் உண்டனர். எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களின் பின், மிகுதியாக உண்டோரின் கொழுப்பு 15 வீதமும் மற்றையோருடையது 3 வீதமும் கூடியிருந்தன. தசை சார்ந்த நிறையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புதிதாகப் பழகும் இளைஞனின் தசை அவ்வீரருடையதை விட விரைந்து வளரக்கூடும். ஆயினும் எல்லை அவனுக்கும் உண்டு.

ஆகவே, நாளொன்றுக்கு 300 கலோரியளவு மிகையே தொடக்கத்திற்குப் போதுமானது. மேற்கூறிய மாணவன் 52 கிலோகிராம் நிறையுடையவன் எனவும், வழமையான உணவில் இரு வாரம் நிறை மாறவில்லை எனவும் கொள்வோம். அவ்வுணவே அவனது சமநிலை; சோற்றையும் மீன்கறியையும் கலோரியாகக் கணக்கிடத் தேவையில்லை. அதன்மேல் ஒரு முட்டை, ஒரு குவளை பால், ஒரு வாழைப்பழம் சேர்த்தால் ஏறத்தாழ 300 கலோரி கிடைத்துவிடும்.

அளவு சரியா என்பதை நிறுவை சொல்லும். உப்பும் நீரும் நாளுக்கு நாள் நிறையை மாற்றுவதால் ஒருநாள் அளவை நம்பலாகாது. காலையில் உண்ணுமுன் நிறுத்து, வாரச் சராசரியை ஒப்பிடல் வேண்டும். வாரந்தோறும் உடல்நிறையில் கால் முதல் அரை வீதம், அதாவது 130 முதல் 260 கிராம் வரை ஏறுவது தகும். மூன்று வாரமாகியும் ஏறாவிடின், பால் குடித்த வயிறு இராச்சோற்றைக் குறைத்திருக்கலாம். அல்லது கூடிய ஓட்டமும் ஆட்டமும் மிகையைச் செலவிட்டிருக்கலாம். அப்போது 150 கலோரி கூட்டலாம். இடுப்புச் சுற்று விரைந்து பெருத்து, பயிற்சியில் தூக்கும் பாரம் கூடாதிருப்பின் மிகையைப் பாதியாக்குதல் நன்று.

நோன்பு மாதத்தில் நிறையைக் காத்துக்கொள்வதே போதுமான இலக்கு. ஆனால், நன்றாக உண்டும் நிறை குறைந்து, தாகமோ நீடித்த வயிற்றோட்டமோ காய்ச்சலோ உடனிருந்தால், அது உணவுக் கணக்கால் தீர்வதன்று. அவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.