மதிலுக்கு மேலே ஒரு சுள்ளி

பஷீரின் ‘மதிலுகள்’ நாவலை நேற்று இரவு மறுபடியும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். 1965-இல் வந்த சின்னஞ்சிறு நாவல். இந்த முறை கதையை விட, அந்த மதிலைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கதை நடப்பது திருவனந்தபுரம் மத்தியச் சிறையில். கதைசொல்லியான பஷீரும் அங்கே ஒரு கைதி. கூட இருந்த அரசியல் கைதிகள் எல்லோருக்கும் விடுதலை வருகிறது. பட்டியலில் அவர் பெயர் மட்டும் இல்லை. தப்பிக்கத் திட்டம் போடும்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம், பெண்கள் சிறையிலிருந்து, நாராயணியின் குரல் கேட்கிறது.

அதன்பிறகு நடப்பதையெல்லாம் அந்த மதில்தான் தீர்மானிக்கிறது. முகம் தெரியாததால் எதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் காதல் முழுக்க உரையாடலாகவே வளர்கிறது. பரிசு தர வேண்டுமென்றால் மதிலுக்கு மேலே எறிய வேண்டும். ரோஜாச் செடிகூட அப்படித்தான் போகிறது. தான் வந்திருப்பதைச் சொல்ல அவள் காய்ந்த சுள்ளியை மேலே எறிவாள். சிறைக்கு வெளியே நடக்கும் கதையில் அந்தச் சுள்ளிக்கு வேலையே இல்லை. இங்கே அது வானத்தில் தெரிந்தால் நமக்கே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

சிறை மருத்துவமனையில் சந்திக்க நாள் குறிக்கிறார்கள். அதற்குள் பஷீருக்கு விடுதலை உத்தரவு வந்துவிடுகிறது. வேறெந்தக் கதையிலும் அது நல்ல செய்தி. இங்கே அதுதான் பிரிவு. அவர் கிளம்பும்போது, மதிலுக்கு மேலே சுள்ளி எழும்பிக்கொண்டிருக்கிறது.